புள்ளித்திட்டத்தை மூடிவைத்துவிட்டுக் கணக்கைச் செய்யுங்கள்

*வணக்கம் சேர். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். நாங்கள் மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து சாதாரண தரப் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள் போட்டுக் கொடுக்கிறோம். ஒருவர் வினாவும் புள்ளித்திட்டமும் எழுதுவார், மற்ற இருவரும் பார்த்துத் திருத்துவோம். இந்த முறையும் மூன்று பேரும் பார்த்துத்தான் அச்சுக்குக் கொடுத்தோம். வேலிக் கணக்கில் எங்கள் விடை பிழை என்று ஒரு பிள்ளைதான் எழுந்து சொன்னாள். கொழுந்துக் கணக்கிலும் ஏதோ இடிக்கிறது என்கிறார்கள். எங்கே கோட்டை விடுகிறோம்? கொடுத்து முடித்த தாளை என்ன செய்வது? வினாத்தாளும் புள்ளித்திட்டமும் இணைத்திருக்கிறேன். — ஓர் ஆசிரியை*

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் அனுப்பிய இரண்டில் வினாத்தாளை மட்டும் முதலில் திறந்தேன். அந்த இரண்டு கணக்கையும் வெள்ளைத் தாளில் படிப்படியாகச் செய்து, விடைக்குக் கீழே கோடு போட்ட பிறகுதான் உங்கள் புள்ளித்திட்டத்தைப் பார்த்தேன். இரண்டிலும் என் தாளும் உங்கள் தாளும் ஒத்துப்போகவில்லை. நீங்கள் கேட்டதற்கு விடை இந்த வரிசையிலேயே இருக்கிறது. நீங்கள் மூவரும் கவனமில்லாமல் பார்த்தீர்கள் என்று நான் நினைக்கவில்லை. இருவர் புள்ளித்திட்டத்தை வாசித்தீர்கள், கணக்கைச் செய்தவர் ஒருவர்தான். அதுவும் அதை எழுதியவரே.

வேலிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 20 மீற்றர் நீளமும் 14 மீற்றர் அகலமும் கொண்ட செவ்வக வடிவ மரக்கறித் தோட்டம். அதன் ஒரு 14 மீற்றர்ப் பக்கத்தோடு ஒட்டியபடி அரைவட்டப் பூப்பாத்தி. முதற் பகுதி முழு உருவின் சுற்றளவைக் கேட்கிறது. இரண்டாம் பகுதி, ஓரத்தின் வழியே 2 மீற்றருக்கு ஒரு கம்பம் வீதம் நட்டு வேலி அமைக்க எத்தனை கம்பம் தேவை என்று கேட்கிறது. மூன்றாவது, ஒரு கம்பம் 650 ரூபா என்றால் மொத்தச் செலவு என்ன என்பது.

அரைவட்ட வில்லின் நீளம் 22/7 × 7 = 22 மீற்றர். சுற்றளவு 20 + 14 + 20 + 22 = 76 மீற்றர். இதுவரை உங்கள் புள்ளித்திட்டமும் நானும் ஒன்றுதான். உள்ளே இருக்கும் விட்டத்தையும் சேர்த்து 90 என்று எழுதுவது இந்த வகைக் கணக்கில் வழக்கமாக வரும் பிழை. அதை நீங்கள் சரியாகவே தவிர்த்திருக்கிறீர்கள். அடுத்த வரியில் உங்கள் புள்ளித்திட்டம் இப்படிப் போகிறது:

76 ÷ 2 + 1 = 39

இந்த வரியை வாசித்துப் பாருங்கள், சரியாகத்தான் தெரியும். பாதையோரம் மரம் நடும் கணக்கிலே "இடைவெளியோடு ஒன்றைக் கூட்டுங்கள், பிள்ளைகளே" என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அந்த "+ 1" ஐப் பார்த்ததும், மறக்காமல் கூட்டியிருக்கிறார் என்று மனம் திருப்திப்பட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். ஆனால் அது நேர்கோட்டுக்கு உரிய விதி. நேர்கோட்டில் தொடக்கத்தில் ஒரு கம்பம், முடிவில் இன்னொரு கம்பம். இங்கே வேலி சுற்றி வந்து தொடங்கிய கம்பத்திலேயே சேர்கிறது. கடைசிக் கம்பமும் முதற் கம்பமும் ஒன்றேதான். ஆகவே இடைவெளி எத்தனையோ கம்பமும் அத்தனை, 38. செலவு 38 × 650 = 24,700 ரூபா. உங்கள் தாளில் 25,350 என்று இருக்கிறது.

புள்ளித்திட்டத்தைக் காணாத ஒருவர் "76 ÷ 2" என்று எழுதியதும் தானாகவே ஒரு கணம் நிற்பார். கூட்டுவதா, விடுவதா என்று தானே தீர்மானிக்க வேண்டிய இடம் அது. அந்தத் தீர்மானத்தைப் புள்ளித்திட்டம் முன்கூட்டியே எடுத்துக் கொடுத்துவிட்டால், வாசிப்பவர் அப்படி ஒரு கேள்வி இருந்ததையே உணரமாட்டார். நீங்கள் கோட்டை விடுகிற இடம் இதுதான். எழுதினவருடைய தடத்திலேயே நடந்து போனால் அவர் வழுக்கின இடத்தில் நாமும் வழுக்குவோம்.

38 தான் சரி என்று எப்படி நிச்சயிப்பது? எழுதியவர் 39 என்று உறுதியாக நின்றால் வாதாடிப் பயனில்லை. சிறிய உருவில் எண்ணிப் பாருங்கள். பக்கம் 4 மீற்றர் உள்ள ஒரு சதுரம் கீறி, 2 மீற்றருக்கு ஒரு புள்ளி வையுங்கள். நான்கு மூலையிலும் நான்கு, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒன்றாக இன்னும் நான்கு. மொத்தம் எட்டு. சுற்றளவு 16, இடைவெளியும் எட்டு. ஒன்றைக் கூட்டினால் ஒன்பதாவது கம்பத்தை நடுவதற்கு இடமில்லை. எண்ணிக்கை சம்பந்தப்பட்ட எந்தக் கணக்கிலும் இந்தச் சின்ன உருவச் சோதனை அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

இந்தக் கணக்கோடு இன்னொன்றும் நடந்தது. வினாவை மட்டும் என்னோடு பணியாற்றிய ஓர் ஆசிரியருக்கும் கொடுத்தேன். அவர் சுற்றளவு 76 என்று சரியாக எழுதிவிட்டு, கம்பம் 44, செலவு 28,600 ரூபா என்று எழுதியிருந்தார். முதலில் எனக்குப் புரியவில்லை. வித்தியாசத்தைப் பார்த்ததும் விளங்கியது. 44க்கும் 38க்கும் இடையில் ஆறு கம்பம். உங்கள் படத்தில் தோட்டத்துக்கும் பூப்பாத்திக்கும் இடையிலுள்ள 14 மீற்றர்க் கோடு, வெளி ஓரங்களைப் போலவே அழுத்தமான தொடர்கோடாக அச்சாகியிருக்கிறது. அங்கும் வேலி வருகிறது, மரக்கறியையும் பூவையும் பிரிக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டார். 14 மீற்றரில் ஏழு இடைவெளி. இரு முனையிலும் ஏற்கெனவே கம்பம் இருப்பதால் நடுவில் ஆறு. அவருடைய கணக்கில் ஒரு பிழையும் இல்லை. பிழை படத்திலும் வினாவின் சொற்களிலும் இருக்கிறது. அந்தக் கோட்டைப் புள்ளிக்கோடாக மாற்றி, "முழு உருவின் வெளி ஓரத்தைச் சுற்றி" என்று மூன்று நான்கு சொல் சேர்த்திருந்தால் 44 வந்திருக்காது.

ஒரே வினாவில் 39, 38, 44 என்று மூன்று விடை. 39க்கும் 38க்கும் இடையிலான முரண், புள்ளித்திட்டம் பிழை என்று காட்டியது. 38க்கும் 44க்கும் இடையிலான முரண், வினாவே இரண்டாக வாசிக்கப்படுகிறது என்று காட்டியது. இந்த இரண்டாவது வகையைப் புள்ளித்திட்டத்தைப் பார்த்துக்கொண்டு திருத்துகிறவரால் கண்டுபிடிக்கவே முடியாது. எழுதியவர் எதை நினைத்தார் என்பது அவருக்கு முன்னாலேயே இருக்கிறது, அதனால் வேறு எதுவும் தோன்றாது. ஆகவே ஒருவர் வேறு விடை கொண்டுவந்தால் "நீங்கள் சரியாக வாசிக்கவில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். அனுபவமுள்ள ஓர் ஆசிரியர் அப்படி வாசித்தால் பிள்ளைகளில் எத்தனை பேர் அப்படி வாசிப்பார்கள் என்று யோசியுங்கள்.

இப்போது கொழுந்துக் கணக்கு. இதுதான் எனக்கு அதிகம் கவலை தந்தது, ஏனென்றால் இதில் இறுதி விடை சரியாகவே இருக்கிறது. ஒரு நாளில் 30 தொழிலாளர் பறித்த கொழுந்தின் அளவு வகுப்பாயிடைகளில் தரப்பட்டிருக்கிறது: 10–14 கிலோகிராம் 3 பேர், 14–18 இல் 7 பேர், 18–22 இல் 11 பேர், 22–26 இல் 6 பேர், 26–30 இல் 3 பேர். இடையைக் கிட்டிய கிலோகிராமுக்குக் காண வேண்டும்.

உங்கள் புள்ளித்திட்டம் நடுப்பெறுமானங்களை 12, 16, 20, 24, 28 என்று எடுத்து, மீடிறனால் பெருக்கி 36, 102, 220, 144, 84 என்று எழுதி, கூட்டி 586 என்கிறது. 586 ÷ 30 = 19.53, கிட்டிய கிலோகிராமுக்கு 20.

நான் வேறு வழியில் போனேன். 20 ஐ எடுத்துக்கொண்ட இடையாக வைத்தால் விலகல்கள் −8, −4, 0, 4, 8. மீடிறனால் பெருக்கினால் −24, −28, 0, 24, 24. கூட்டுத்தொகை −4. ஆகவே இடை 20 − 4/30 = 19.87, கிட்டிய கிலோகிராமுக்கு அதே 20. இறுதி விடைகளை மட்டும் ஒப்பிட்டிருந்தால் இரண்டும் சரி என்று அடையாளம் போட்டுவிட்டுப் போயிருப்போம். ஆனால் முழுமைப்படுத்தும் முன் 19.53 ஒரு பக்கம், 19.87 மறுபக்கம். எங்கோ ஒன்று பிழைத்திருக்க வேண்டும். 19.87ஐ 30ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 596. உங்கள் 586ஓடு வித்தியாசம் சரியாக 10. பத்து வித்தியாசம் வந்தால் எடுத்துச்சென்ற எண்ணில் கை தவறியிருக்கும் என்று சந்தேகிக்கலாம். அப்படியேதான் இருந்தது: 7 × 16 = 112, உங்கள் தாளில் 102. ஏழாறு நாற்பத்திரண்டில் 4ஐ எடுத்துச் செல்வதற்குப் பதிலாக 3 போயிருக்கிறது.

இது ஏன் மூன்று பேர் கண்ணிலும் படவில்லை என்றால், வாசித்துத் திருத்துகிறவர் வழக்கமாக நிரலைக் கூட்டிப் பார்ப்பார். 36, 102, 220, 144, 84 ஐக் கூட்டினால் 586 தான், சரி. 30ஆல் வகுத்தால் 19.53 தான், அதுவும் சரி. ஒவ்வொரு பெருக்கத்தையும் மறுபடி செய்கிறவர் குறைவு. அதுவும் ஏற்கெனவே எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துக்கொண்டே பெருக்கினால், 102 என்று மனம் ஒத்துக்கொண்டுவிடும்.

இறுதி விடை 20 தானே, இதனால் என்ன என்று கேட்பீர்கள். புள்ளித்திட்டத்தில் பெருக்கங்களின் நிரலுக்கு 2 புள்ளியும் கூட்டுத்தொகைக்கு 1 புள்ளியும் ஒதுக்கியிருக்கிறீர்கள். சரியாகச் செய்து 596 எழுதிய பிள்ளைக்கு, புள்ளித்திட்டத்தைப் பார்த்துத் திருத்துகிறவர் அந்த இடத்தில் புள்ளியைக் குறைப்பார். "ஏதோ இடிக்கிறது" என்று பிள்ளைகள் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். கணக்கைச் சரியாகச் செய்த பிள்ளைதான் இதில் அடிபடுகிறது. ஆகவே ஒப்பிடும்போது இறுதி விடையோடு நிற்காமல், புள்ளி ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு படியையும் ஒப்பிடுங்கள்.

இனி இதை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று சொல்கிறேன். நீங்கள் மூன்று பேர் இருப்பதே போதும். ஒருவர் வினாவும் புள்ளித்திட்டமும் எழுதுகிறார். அவர் மற்ற இருவருக்கும் வினாத்தாளை மட்டும் கொடுக்கட்டும். அந்த இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசாமல், வேறு வேறாகச் செய்யட்டும். ஒரே ஸ்டாஃப் றூமில் பக்கத்தில் இருந்து செய்தால் "பன்னிரண்டாவதுக்கு உங்களுக்கு என்ன வந்தது?" என்ற கேள்வி வந்துவிடும், அதோடு இரண்டு தாளும் ஒரே தாளாகிவிடும். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செய்வது நல்லது. ஒருவர் வேறு தோட்டத்தில் இருந்தால் வட்ஸ்அப்பில் வினாத்தாளை மட்டும் அனுப்புங்கள்.

ஒருவர் மறுபடி எல்லாவற்றையும் செய்ய நேரம் எங்கே என்பீர்கள். முதலாம் வினாத்தாளுக்குப் பிள்ளைகளுக்கு 2 மணித்தியாலம். பகுதி A இன் 25 சிறு வினாக்களையும் பகுதி B இன் ஐந்தையும் ஓர் ஆசிரியர் படிமுறையோடு செய்ய ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போகும். இப்போது நீங்கள் இருவரும் புள்ளித்திட்டத்தை ஆளுக்கு இரண்டு தடவை வாசிக்கும் நேரத்தோடு இது பெரிய வித்தியாசமில்லை. அந்த வாசிப்பை விட்டுவிட்டு இதைச் செய்யுங்கள்.

செய்கிறவர் எழுத வேண்டியது மூன்று விடயம். முழுப் படிமுறையோடு விடை, அலகும் சேர்த்து. வினாவில் சொல்லாத எதையாவது தானாக எடுத்துக்கொண்டிருந்தால் அது: "நடுக்கோட்டிலும் வேலி என்று எடுத்தேன்" என்ற ஒரு வரி போதும், மேலே சொன்ன குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். பிறகு, எங்கே தயங்கி நின்றாரோ அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி. விடை ஒத்துப்போனாலும் அந்தக் கேள்விக்குறி உள்ள வினாவைத் திருப்பிப் பாருங்கள். சாதாரண தரத்தில் கல்குலேற்றர் கிடையாது என்பதால் முதலில் அவரும் கையாலேயே செய்ய வேண்டும். அப்போதுதான் எண்கள் பிள்ளைக்கு ஏற்றவையா என்பதும் தெரியும். முடித்த பிறகு ஒரு தடவை கல்குலேற்றரில் தட்டிப் பார்க்கட்டும்.

முடியுமான இடத்தில் வழியை மாற்றிச் செய்யச் சொல்லுங்கள். இடையை நேரடியாகக் கண்ட புள்ளித்திட்டத்தை எடுத்துக்கொண்ட இடையால் சோதிப்பது போல. சமன்பாடு என்றால் தீர்வைத் திரும்பப் பிரதியிட்டுப் பார்ப்பது. வட்டிக் கணக்கு என்றால் ஒருவர் வருடம் வருடமாகப் போகட்டும், மற்றவர் மொத்தமாகப் பெருக்கட்டும். ஒரே வழியில் போகும் இரண்டு பேர் ஒரே இடத்தில் பிழைக்கக்கூடும். வேறு வழியில் வந்து அதே பிழையான எண்ணில் முடிவது மிக அரிது.

விடைகளை ஒப்பிடும் வேலையை எழுதியவர் தனியாகச் செய்யக் கூடாது. தன் விடைக்கு மாறானது வந்தால் "அவர் பிழைத்துவிட்டார்" என்று முடிவெடுக்க அவருக்கு மனம் வரும். மூவரும் சேர்ந்து உட்காருங்கள். முரண்பட்ட இடத்தில் உடனே கணக்கைத் திரும்பச் செய்யாமல், முதலில் வித்தியாசத்தைப் பாருங்கள். 25,350க்கும் 24,700க்கும் வித்தியாசம் 650, அதாவது சரியாக ஒரு கம்பம். காரணம் அதிலேயே தெரிகிறது. ஒருவர் 24,700 என்றும் மற்றவர் 27,400 என்றும் எழுதியிருந்தால் வித்தியாசம் 2,700. அது 9ஆல் மீதியின்றி வகுபடுகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9இன் மடங்காகவே வரும். ஆகவே பார்த்து எழுதும்போது 4உம் 7உம் மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கணக்குப் புத்தகம் எழுதுகிறவர்களிடம் நெடுங்காலமாக இருக்கும் பழக்கம் இது. இதே காரணத்தால், இலக்கங்களைக் கூட்டி ஒன்பதால் சோதிக்கும் பழைய முறை இலக்க மாற்றத்தைக் காட்டிக்கொடுக்காது. அதை மட்டும் நம்பி ஒரு விடையைச் சரி என்று விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, எந்தத் தாளில் இருந்து செய்வது என்பது. கையெழுத்துப் பிரதியில் இருந்து செய்தால் பாதிப் பயன்தான். அச்சகம் தரும் கடைசிப் புரூப் தாளில் இருந்து செய்ய வேண்டும். எழுதியவர் கொடுத்ததும் பிள்ளையின் கைக்குப் போவதும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது. நம் பக்கத்தில் பல அச்சகங்களிலும் பாடசாலைகளிலும் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சு செய்கிறார்கள். பாமினியில் `>` விசையைத் தட்டினால் காற்புள்ளி விழும், `<` ஐத் தட்டினால் "ஈ" விழும், `/` இருக்கும் இடத்தில் "ஃ" வரும். எழுத்துருவை ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்து ஒரு குறியைத் தட்டினால் போதும். 3x − 2 > 7 என்ற சமனிலி இப்படி அச்சாகிவிடும்:

```
3x − 2 , 7
```

எழுதியவருக்கு அது சமனிலி என்று தெரியும் என்பதால் அவர் கண் காற்புள்ளியைத் தாண்டிப் போய்விடும். செய்ய உட்காருகிறவர் அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைப்பார். "ஈ" விழுந்தால் எவருக்கும் தெரிந்துவிடும், காற்புள்ளிதான் ஆபத்து. இதைவிட ஆபத்தானது வலுக்குறிகள். ஒரு கோப்பில் இருந்து இன்னொன்றுக்கு ஒட்டும்போது மேலே இருக்கும் சிறு 2 கீழே இறங்கிவிடும். 5² என்பது 52 ஆகிவிட்டால் வினா அப்போதும் வினாவாகவே இருக்கும், செய்யவும் முடியும், விடை மட்டும் வேறாக வரும். புரூப்பில் இருந்து செய்து பார்க்காமல் இதைப் பிடிக்க வழியில்லை. வேறொருவருக்கு அனுப்புவதாக இருந்தால் வேர்ட் கோப்பாக அனுப்பாமல் பீ.டி.எஃப் ஆக அனுப்புங்கள். அவருடைய கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அவர் பார்ப்பது உங்கள் வினாத்தாளாகவே இருக்காது.

திருத்தம் செய்த வினாவை முதலில் இருந்து இன்னொரு தடவை செய்ய வேண்டும். இதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். உதாரணத்துக்கு, 14 மீற்றர் பாடநூலிலும் இருக்கிறது, மாற்றிவிடுவோம் என்று யாராவது அச்சகத்து வாசலில் வைத்து 12 ஆக்கினால் என்ன ஆகும்? ஆரை 6. வில்லின் நீளம் 22/7 × 6 = 18.86 மீற்றர். சுற்றளவு 70.86. இரண்டால் வகுத்தால் 35.43 கம்பம். அப்படி ஒரு வேலியை எவரும் அமைக்க முடியாது. முன்பு 20, 14, 22 மூன்றும் 2ஆல் வகுபட்டதால்தான் ஒவ்வொரு மூலையிலும் சரியாக ஒரு கம்பம் வந்தது: 10 + 7 + 10 + 11 = 38. ஓர் எண்ணை மாற்றினால் மற்ற எல்லாம் அதோடு ஆடும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் 14ஐ 28 ஆக்குங்கள்: வில் 44, சுற்றளவு 20 + 28 + 20 + 44 = 112, கம்பம் 56. புள்ளித்திட்டத்திலும் கம்பத்தின் எண்ணிக்கையை மட்டும் திருத்திவிட்டுச் செலவை மறந்துவிடாதீர்கள். பகுதி (c) எப்போதும் பகுதி (b) இன் பிழையைச் சுமந்துகொண்டு வரும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. நீங்கள் மூவரும் ஒரே மாதிரிப் படித்து, ஒரே மாதிரிப் படிப்பிப்பவர்கள். "இடைவெளியோடு ஒன்று கூட்டு" என்ற விதி மூவர் மனதிலும் ஒரே மாதிரிப் பதிந்திருந்தால், மூவரும் தனித்தனியாகச் செய்தும் 39 வரலாம். அப்படியான ஒற்றுமையைக் கண்டு ஏமாறாமல் இருக்க, ஒரு தாளாவது வெளியாள் ஒருவரிடம் போகட்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிலும் உங்கள் பழைய மாணவி, உயர்தரத்தில் கணிதம் படிக்கும் ஒரு பிள்ளை, பக்கத்துப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர், யாரென்றாலும் சரி. உங்கள் வழக்கம் பழகாத மூளை ஒன்று வேண்டும். உங்கள் வகுப்பில் எழுந்து சொன்ன அந்தப் பிள்ளை செய்ததும் இதுதான். அவளிடம் புள்ளித்திட்டம் இல்லை, வினா மட்டும்தான் இருந்தது.

வினா பாடத்திட்டத்துக்குள் இருக்கிறதா, கடினம் சரியா, ஒரே அலகில் இருந்து இரண்டு வினா வந்துவிட்டதா என்பதையெல்லாம் இது சொல்லாது. அவற்றை வேறாகப் பாருங்கள்.

கொடுத்து முடித்த தாளைப் பற்றி. வேலிக் கணக்கில் 38, 24,700 ரூபா எழுதியவர்களுக்கு முழுப் புள்ளி. 44, 28,600 எழுதி, நடுக்கோட்டிலும் வேலி போட்டதைப் படிமுறையில் காட்டியவர்களுக்கும் முழுப் புள்ளி கொடுங்கள், படம் உங்களுடையது. 39 எழுதியவர்களுக்குச் சுற்றளவுக்குரிய புள்ளியைக் கொடுங்கள். கம்பத்தின் எண்ணிக்கைக்குரிய புள்ளி இல்லை. ஆனால் 39 × 650 ஐச் சரியாகப் பெருக்கியிருந்தால் செலவுப் பகுதியின் முறைக்குரிய புள்ளியைக் கொடுக்க வேண்டும். இதைக் கரும்பலகையில் சதுரம் கீறி எட்டுப் புள்ளி வைத்து விளக்கிவிட்டே புள்ளியை மாற்றுங்கள். இல்லாவிட்டால் முதலில் 39க்குச் சரி போட்டுப் பிறகு குறைத்தது ஏன் என்று வீட்டில் கேட்பார்கள்.

கொழுந்துக் கணக்கில், எல்லாப் பிள்ளைகளின் தாளையும் திரும்ப வாங்கி இரண்டாவது பெருக்கத்தையும் கூட்டுத்தொகையையும் மட்டும் பாருங்கள். 112, 596 எழுதியவர்களுக்குக் குறைத்த புள்ளியைத் திருப்பிக் கொடுங்கள். எடுத்துக்கொண்ட இடை வழியில் போனவர்களின் தாளில் இந்த எண்கள் இருக்காது. அவர்களுக்கு −28, −4 என்ற படிகளுக்கு அதே புள்ளி. உங்கள் புள்ளித்திட்டத்தில் அந்த வழியே இல்லை, அதையும் எழுதிச் சேர்த்துவிடுங்கள். தாள் மற்றப் பாடசாலைகளுக்கும் போயிருந்தால், திருத்திய புள்ளித்திட்டத்தின் மேல் திகதியைப் பெரிதாக எழுதி அனுப்புங்கள். பழையதும் புதியதும் ஒரே போட்டோக்கொப்பிக் கடையில் ஒன்றாகக் கிடந்தால் பழையதுதான் மறுபடி பிரதி எடுக்கப்படும்.